வாரண்டும் ஆப்ஷனும் ஒன்றா?

சிலமலையிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் பங்கு இருக்கும் கம்பெனி, புரமோட்டர்களுக்கு வாரண்ட் தரப்போகிறதாம். செல்போனில் பார்க்கிற கால் ஆப்ஷன்தானே இதுவும்?"

இல்லை, ஐயா. குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை என்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. தேசியப் பங்குச் சந்தையில் ஆப்ஷனை விற்பவர் உங்களைப் போன்ற இன்னொருவர். நீங்கள் உரிமையைப் பயன்படுத்தினால் ஏற்கெனவே இருக்கும் பங்கு கைமாறும். கம்பெனிக்குப் பைசா வராது, பங்கு எண்ணிக்கையும் மாறாது. வாரண்டைத் தருவது கம்பெனியே. அதற்காகப் புதுப் பங்கு ஒதுக்கும். பணமும் அதற்கே போகும்.

ஆயுளிலும் பெரிய வித்தியாசம். தனிப் பங்குகளின் ஆப்ஷன் அதிகம் போனால் மூன்று மாதம். எச்.டி.எஃப்.சி. நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட வாரண்டுக்கு மூன்று ஆண்டு ஆயுள். ஒன்றின் விலை 180 ரூபாய். பிறகு 2,165 ரூபாய் கட்டினால் ஒரு பங்கு. அப்போதே பெரிய முதலீட்டாளர்களுக்குப் பங்கை 1,760 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆக, அந்த 180 முழுக்கக் காத்திருக்கும் காலத்துக்கான விலை.

உங்கள் கேள்வியிலுள்ள புரமோட்டர் வாரண்ட் வேறு வகை. செபி விதிப்படி விலையில் குறைந்தது 25 சதவீதம் முதலிலேயே கட்ட வேண்டும்; மிச்சத்தைக் கட்ட 18 மாதம் அவகாசம். கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும்.

கணக்காகவே பார்ப்போம். கம்பெனியில் 10 கோடி பங்கு, புதிதாக 2 கோடி வாரண்ட், விலை 120 என்று வையுங்கள். முன்பணம் 30 கம்பெனிக்குப் போய்விட்டது. பங்கு 180-க்கு ஏறுகிறது. வாரண்டைச் சந்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. மொத்த மதிப்பு 1,800 கோடி. மீதி 90 வீதம் 180 கோடி வந்தால் 1,980 கோடி. அதை 12 கோடி பங்குக்குப் பிரித்தால் பங்குக்கு 165. பழைய பங்குதாரருக்கு 15 ரூபாய் கரைந்தது. புரமோட்டர் 90 கட்டி 165 பெறுகிறார், முன்பணத்தைக் கழிக்காமல் லாபம் 75.

ஆப்ஷனாக இருந்தால் அந்த லாபம் 90. அதை 10/12-ஆல் பெருக்கினால் அதே 75. வாரண்டுக்கு விலை போடும் முறையே இதுதான்: பங்கின் ஏற்ற இறக்கம், மிச்ச நாள், வட்டி ஆகியவற்றை வைத்து ஆப்ஷனைப் போலவே மதிப்பிட்டு, பிறகு இந்த விகிதத்தால் குறைப்பார்கள். பலர் தவறுவது இங்கேதான். அறிவிப்பு வந்து நாளானால், சந்தை விலையே அந்தக் கரைவைக் கழித்துத்தான் நிற்கும். மறுபடி கழித்தால் வாரண்டைக் குறைவாக மதிப்பிடுவீர்கள்.

கம்பெனி பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பை எடுங்கள். வாரண்ட் எண்ணிக்கையை இப்போதுள்ள பங்குகளால் வகுத்துப் பாருங்கள். எச்.டி.எஃப்.சி.யில் அது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. உங்கள் கம்பெனியில் அது 15, 20 என்று வந்து, வாரண்ட் விலையும் சந்தை விலையை ஒட்டியே இருந்தால், ஒப்புதல் கேட்டு வரும் தீர்மானத்தில் தவறாமல் வாக்களியுங்கள்.