நோக்கத்தை எழுதுமுன் ஒரு கணக்கு

கோட்டையூரில் சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டமொன்றிற்கு நிதி கோரி விண்ணப்பம் எழுதுவதாகக் கொள்வோம். 'புதிய நோயாளிகளைக் கண்டறிதல்' என்பதே நமக்கு முதலில் தோன்றும் நோக்கம். அது போதுமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

காஞ்சிபுரம் பகுதியில் நடந்த ஆய்வொன்றின்படி, வயதுவந்தோர் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றுகிறது. பத்தாயிரம் வயதுவந்தோர் வாழும் ஊரில் ஆண்டுக்கு இருவர், மூன்றாண்டுகளில் அறுவர். இச்சிறு எண்ணிக்கையைக் கொண்டு திட்டம் பயனளித்ததா என்று சொல்ல இயலாது. ஆகவே காரைக்குடியையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து, ஒரு லட்சம் பேரை எட்டுதல் வேண்டும். அப்போது அறுபது பேர் வரை எதிர்பார்க்கலாம்.

நோக்கத்தையும் அளக்கத்தக்கதாக மாற்றுவோம்: 'முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைத்தல்.' இக்காலம் நீண்டவர்களுக்குக் குணமடைதல் கடினமாவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் விண்ணப்பத்தின் நியாயம் இதுவே.

இதனை அளப்பதில் ஓர் இடர் உண்டு. அறிகுறி தொடங்கிய தேதி குடும்பத்தினருக்கு நினைவிராது. "பொங்கலுக்கு முன்பா, பொதுத்தேர்வுக்குப் பின்பா?" என்று வீட்டார் இருவரிடம் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிட வேண்டும். முதலில் யாரிடம் அழைத்துச் சென்றார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை அவ்விடையே காட்டும். எனவே, குடும்பத்தாரின் நினைவே இவ்வாய்வின் அளவுகோல்.