சலுகை விலையும் சீட்டுக் கணக்கும்

விழாச் சீட்டுகளுக்கு மூன்று வகைச் சலுகைகள் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்கூட்டியே வாங்குவோருக்குக் குறைந்த விலை, பத்துப் பேராகச் சேர்ந்து வாங்குவோருக்குக் கழிவு, இணையத்தில் சீட்டு எடுக்கும்போது இட்டால் விலை குறையும் சலுகைக் குறியீடு. சீட்டுக் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில், இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். (இலவசச் சீட்டு கேட்பவர்களின் கதை தனி!)

ஒரு நாடக விழாவை எடுத்துக்கொள்வோம். அரங்கில் 400 இருக்கைகள். வாடகை, ஒலி, ஒளி, குழுவினரின் ரயில் கட்டணம் எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.1,40,000. அரங்கு நிறைந்தாலும் இருக்கைக்குச் சராசரியாக ரூ.350 வந்தால்தான் கையைக் கடிக்காது. சீட்டு விலை ரூ.500, முன்பதிவு விலை ரூ.400, குழுவுக்குக் கழிவு 10 விழுக்காடு, குறியீட்டுக்கு 15 விழுக்காடு. தனித்தனியே பார்த்தால் எதுவும் 350-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து, முன்பதிவுக் காலத்திலேயே, குறியீட்டையும் இட்டு வாங்கினால்? 400 முதலில் 360 ஆகிறது. அதில் 15 விழுக்காடு போனால் 306. குறைகிற 44 ரூபாயை முழு விலை கொடுத்தவர் தலையில்தான் கட்டவேண்டும்.

ஆகவே ஒரு சீட்டுக்கு ஒரே சலுகை என்று அறிவிப்பிலேயே அச்சிட்டுவிட வேண்டும். முழு விலையிலிருந்து கணக்கிட்டால் மூன்றும் முறையே 400, 450, 425. வாங்குபவருக்கு எது குறைவோ அதைக் கொடுக்கலாம். முன்பதிவு விலைக்குத் தேதி மட்டும் வைத்தால் பாதி அரங்கு 400-க்கே போய்விடக்கூடும். "இந்தத் தேதி வரை, அல்லது முதல் 120 சீட்டுகள் வரை, எது முந்துகிறதோ அது" என்பதே பாதுகாப்பு.

இனிக் கணக்கு. 400 ரூபாய் வந்தது என்று மட்டும் எழுதினால், அது எந்தச் சலுகையால் குறைந்தது என்று பிறகு தெரியாது. முழு விலை, கழிவு, காரணம், குறியீடு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். குறியீட்டையும் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்காமல், உறுப்பினர் கடிதத்துக்கு `NADAGAM-A`, கல்லூரி மாணவர்களுக்கு `NADAGAM-B` என்று பிரித்துக் கொடுங்கள்.

குறியீட்டை இட்டவுடனே அதைப் பயன்பட்டதாக எண்ணக்கூடாது. பலர் இட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல் போய்விடுவார்கள். 50 பேருக்கான குறியீடு, 38 சீட்டுகள் மட்டுமே விற்ற நிலையில் "தீர்ந்துவிட்டது" என்று காட்டும். வங்கி வரவோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். இட்டவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பணம் வராவிட்டால் விடுவிக்க வேண்டும். சீட்டை ரத்து செய்தாலும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

விழா முடிந்ததும் பெயர்களைச் சென்ற ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். `NADAGAM-A`வில் விற்ற 40-இல் 34 பேர் பழையவர்கள், `NADAGAM-B`யில் விற்ற 12-இல் 11 பேர் புதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 34 பேரில் பெரும்பாலோர் எப்படியும் வந்திருப்பார்கள். அடுத்த விழாவுக்கு நானாக இருந்தால் முதல் குறியீட்டை நிறுத்திவிட்டு, இரண்டாவதற்கு 20 விழுக்காடு கொடுப்பேன்.