அலுவலகத்தில் ஓடும் வீடியோ வீட்டில் ஏன் நிற்கிறது?

புதிதாக லேப்டாப் வாங்கிய என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். "என்னப்பா, ஆபீஸ்ல இந்த லேப்டாப்பைக் கொண்டு போய் வீடியோ பார்த்தா ஜோரா ஓடுது. வீட்டுக்கு வந்தா இருபது செகண்டுக்கு ஒரு தடவை சக்கரம் சுத்துது. வீட்டு நெட் சரியில்லை, அடுத்த பிளானுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். அவர் வீட்டு இணைப்பு 40 எம்.பி.பி.எஸ். வேகம் கொண்டது. ஒரு வீடியோவுக்கு அது தாராளமாகப் போதும். "பணம் கட்டிடாதீங்க சித்தப்பா, சாயந்திரம் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு சித்தப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். அலுவலகத்தில் ஒரு வழி முழுவதுமாக அடைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அங்கே வீடியோ நன்றாக ஓடியது. வீட்டில் அதே வழி பாதி திறந்து பாதி மூடியிருந்தது. இது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வகைத் தபால்

நம் பிரவுசர் இணைய தளங்களுடன் பேசும் மொழிக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். இந்த மொழியில் அனுப்பும் தகவல்கள் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிக்கப்பட்டு இணையத்தில் செல்கின்றன. அவற்றைக் கொண்டு செல்ல இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது டி.சி.பி. இது பதிவுத் தபால் போன்றது. முதலில் இரு பக்கமும் வணக்கம் சொல்லி இணைப்பை ஏற்படுத்திக் கொள்ளும். பின் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கணக்கு வைத்து, தொலைந்ததை மறுபடி அனுப்பும். இரண்டாவது யு.டி.பி. இது சாதாரண அஞ்சல் அட்டை போன்றது. எழுதிப் பெட்டியில் போடுவதோடு சரி. போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்காது.

1997ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 பதிப்பும், 2015ல் வந்த 2ஆம் பதிப்பும் டி.சி.பி. வழியாகவே செல்கின்றன. 2022ல் தரமாக அறிவிக்கப்பட்ட 3ஆம் பதிப்பு யு.டி.பி. வழியில் செல்கிறது. அஞ்சல் அட்டையை நம்பி எப்படி இணைய தளம் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். யு.டி.பி.யின் மேல் க்விக் என்ற ஓர் அடுக்கு அமர்ந்து, கணக்கு வைக்கும் வேலையையும் ரகசியக் குறியீடாக மாற்றும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இதனால் இணைப்பு சீக்கிரம் ஏற்படுகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது சேர்ந்த படமோ எழுத்தோ மட்டும்தான் காத்திருக்கும். மற்றவை வந்து கொண்டே இருக்கும்.

ஃபயர்வால் ஏன் மறிக்கிறது?

ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவலாளி. அது க்விக்கைத் தடுக்க முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் பழைய பழக்கம். பல அலுவலகங்களில் ஃபயர்வாலுக்குத் தரப்பட்ட பட்டியலில், இணைய தளங்களுக்காக டி.சி.பி.யில் 80, 443 என்ற எண்ணுள்ள வாசல்களும், தளங்களின் முகவரியைத் தேட யு.டி.பி.யில் 53ஆம் எண் வாசலும் மட்டுமே திறந்திருக்கும். இந்த எண்ணுள்ள வாசல்களை போர்ட் என்பார்கள். க்விக் வழக்கமாகப் பயன்படுத்துவது யு.டி.பி. 443. பட்டியலில் அது இல்லாவிட்டால் பாக்கெட்டை வாசலிலேயே எறிந்து விடும்.

இரண்டாவது காரணம் சோதனை. சில நிறுவனங்கள் ஊழியர்கள் பார்க்கும் பக்கங்களை ஃபயர்வாலிலேயே பிரித்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகின்றன. டி.சி.பி. வழியில் இதற்கான ஏற்பாடுகள் பல ஆண்டுகளாக உள்ளன. க்விக்கில் தகவல் மட்டுமல்லாமல், பாக்கெட்டின் வரிசை எண் போன்ற கணக்கு விவரங்களும் மறைக்கப்பட்டிருக்கும். எனவே பல நிர்வாகிகள் க்விக்கை மறித்து, பிரவுசரைப் பழைய வழிக்குத் திருப்பி, அங்கே சோதனை செய்கிறார்கள். சில ஆன்டிவைரஸ் புரோகிராம்களும் இதே காரணத்தால் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இதைத் தடுக்கின்றன.

மூன்றாவது காரணம் பயம். யு.டி.பி.யில் வணக்கம் சொல்லும் சடங்கு இல்லாததால், பொய்யான அனுப்புநர் முகவரியுடன் பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்பித் தாக்குவது எளிது. ஆகவே யு.டி.பி. பாக்கெட்டுகள் ஒரு விநாடிக்கு இத்தனைதான் என்று பல கருவிகள் உச்ச வரம்பு வைக்கின்றன. சித்தப்பா வீட்டுக் கதை இங்கேதான் இருக்கிறது.

சத்தமில்லாமல் பின்வாங்கும் பிரவுசர்

வழி அடைபட்டிருந்தால் பிரவுசர் உங்களிடம் சொல்லாது. எந்த எச்சரிக்கைப் பெட்டியும் தோன்றாது. நடப்பது இதுதான்.

பெரும்பாலும் முதல் முறை ஒரு தளத்துக்குச் செல்லும்போது பிரவுசர் டி.சி.பி. வழியிலேயே செல்லும். தளம் தன் பதிலோடு இப்படி ஒரு வரியை அனுப்பும்:

```
alt-svc: h3=":443"; ma=86400
```

"என்னிடம் 3ஆம் பதிப்பும் உண்டு, யு.டி.பி. 443இல் வா, இந்தத் தகவலை 86,400 விநாடிகள், அதாவது ஒரு நாள், நினைவில் வைத்துக்கொள்" என்பது இதன் பொருள். அடுத்த முறை பிரவுசர் க்விக் வழியை முயற்சி செய்யும். ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்காது. க்விக்கைச் சற்று முன்னால் ஓட விட்டு, பதில் வராவிட்டால் டி.சி.பி. இணைப்பையும் தொடங்கி விடும். எது முதலில் முடிகிறதோ அதில் பக்கம் வந்து விடும்.

அலுவலகத்தில் க்விக் பாக்கெட் ஒன்றுகூட வெளியே போகாது. எனவே டி.சி.பி. ஜெயித்து, பக்கம் 2ஆம் பதிப்பில் வரும். "இந்தத் தளத்துக்கு இந்த வழி சரியில்லை" என்று பிரவுசர் குறித்து வைத்துக்கொண்டு, சிறிது நேரத்துக்கு அதை முயற்சி செய்யாது. பிறகு முயன்றும் தோற்றால் காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். பக்கம் திறப்பதில் ஏற்படும் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

நீங்களே பார்க்கலாம்

குரோம் பிரவுசரில் F12 கீயை அழுத்துங்கள். கிடைக்கும் பகுதியில் Network என்ற டேபைக் கிளிக் செய்து, F5 அழுத்திப் பக்கத்தை மறுபடி திறங்கள். Name, Status என்று தலைப்புகள் உள்ள வரிசையில் ரைட் கிளிக் செய்து, Protocol என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக ஒரு கட்டம் தோன்றும். அதில் http/1.1, h2, h3 என்று இருக்கும். h3 என்றால் க்விக் வழி. மற்ற இரண்டும் டி.சி.பி. வழி. www.google.com தளத்தில் சோதித்துப் பாருங்கள். முதல் முறை h2 என்று வந்தால் இன்னும் ஓரிரு முறை F5 அழுத்துங்கள். அதற்குப் பிறகும் h2 மட்டுமே வந்தால் வழியில் யாரோ மறிக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சித்தப்பா வீட்டில் நடந்தது

அன்று மாலை சித்தப்பா வீட்டில் இந்தக் கட்டத்தைத் திறந்தேன். வீடியோ ஓடும்போது h3 என்று வந்தது. வழி திறந்திருக்கிறது, பிறகு ஏன் சக்கரம் சுற்றுகிறது? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாதுகாப்புப் பகுதியில் யு.டி.பி. வெள்ளத் தடுப்பு என்ற வசதிக்கு டிக் அடிக்கப்பட்டிருந்தது. வரம்பு, விநாடிக்கு 500 பாக்கெட்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு க்விக் பாக்கெட் ஏறத்தாழ 1,250 பைட், அதாவது 10,000 பிட் என்று வைத்துக்கொள்வோம். 500 பாக்கெட் என்றால் 50 லட்சம் பிட். அதாவது 5 எம்.பி.பி.எஸ். வீடியோ சராசரியாக இதற்குக் குறைவாகவே கேட்கலாம். ஆனால் அது சீராக இறங்குவதில்லை. சில விநாடிகளுக்கு வேண்டியதை ஒரே மூச்சில், இணைப்பின் முழு வேகத்தில் இழுக்கும். 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் அது விநாடிக்கு 4,000 பாக்கெட். முதல் 500 பாக்கெட் எட்டில் ஒரு பங்கு விநாடியிலேயே வந்து விடும். மீதி விநாடி முழுவதும் ரவுட்டர் எல்லாவற்றையும் எறிந்துகொண்டிருக்கும். க்விக், வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும், பிறகு ஏற்றும், மறுபடி அடி வாங்கும்.

இங்கே பிரவுசர் ஏன் பின்வாங்கவில்லை? இணைப்பு ஏற்படும்போது போய் வரும் பாக்கெட்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவை வரம்புக்குள் அடங்கி விடும். பந்தயத்தில் க்விக் ஜெயித்து விட்டது. அதன் பின் தொலைவதெல்லாம் இணையத்தில் சகஜமான இழப்பு என்றே பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. தளங்களின் முகவரியைத் தேடும் பாக்கெட்டுகளும் யு.டி.பி. என்பதால் அவையும் அடிபட்டன. சித்தி தன் போனில் வேறு பக்கம் திறக்கும்போதும் தாமதமானது அதனால்தான்.

சந்தேகத்தை உறுதி செய்ய, குரோமின் முகவரிக் கட்டத்தில் இதை டைப் செய்தேன்:

```
chrome://flags/#enable-quic
```

Experimental QUIC protocol என்பதற்கு எதிரே Disabled தேர்ந்தெடுத்து, Relaunch கிளிக் செய்தேன். இப்போது கட்டத்தில் h2 வந்தது. வீடியோ தடங்கலின்றி ஓடியது. அப்படியானால் இணைப்பிலும் குறையில்லை, லேப்டாப்பிலும் குறையில்லை.

ஆனால் இதை அப்படியே விட்டிருந்தால் லேப்டாப்பில் உள்ள ஒரு பிரவுசர் மட்டும்தான் தப்பித்திருக்கும். போனில் உள்ள ஆப்களும் க்விக்கைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ரவுட்டரில் அந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, ஃபயர்வாலை இயங்கும்படியே வைத்தேன். பின் குரோமில் Default என்று பழையபடி மாற்றினேன். h3 திரும்பி வந்தது, வீடியோவும் ஓடியது.

உங்கள் வீட்டில் இதே தொல்லை இருந்தால் முதலில் Disabled செய்து பாருங்கள். தொல்லை போனால் ரவுட்டரையோ ஆன்டிவைரஸையோ கவனியுங்கள். போகாவிட்டால் காரணம் வேறு. உடனே Default நிலைக்குத் திருப்பி விடுங்கள். அலுவலகத்தில் h2 மட்டுமே வந்தால் அதைக் கிளற வேண்டாம். அங்கே யாரோ தெரிந்தே வைத்த பூட்டாக இருக்கலாம். உங்கள் பக்கங்களும் நன்றாகத்தான் வருகின்றன.

சித்தப்பா இன்னும் அதே 40 எம்.பி.பி.எஸ். பிளானில்தான் இருக்கிறார்.