பிஐபி-யில் போட்டுவிட்டார்கள், ராஜினாமா செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடங்களாக டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதவியின் பெயர் டெஸ்ட் லீட். மாதச் சம்பளம் 1,04,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 52,000. சென்ற ஆண்டு வரை என் அப்ரைசலில் யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் புராஜெக்ட் முடிந்து ஐந்து பேர் பெஞ்சில் இருந்தோம். மூன்றாவது வாரம் ஐந்து பேரையும் வெவ்வேறு டீமில் தற்காலிகமாகச் சேர்த்து, 60 நாள் பிஐபி கடிதம் கொடுத்தார்கள். வாரத்துக்கு 40 டெஸ்ட் கேஸ் ஆட்டோமேட் செய்ய வேண்டும், வாடிக்கையாளர் பக்கம் ஒரு பிழைகூடப் போகக்கூடாது, தலைமைப் பண்பை வெளிப்படுத்த வேண்டும் என்பவை எனக்கான இலக்குகள். ஆட்டோமேஷன் டூலுக்கான லைசென்ஸே 22-ம் நாள்தான் கிடைத்தது. இப்போது 40 நாள் ஆகிவிட்டது. எச்.ஆர். அழைத்து, "நீங்களே ராஜினாமா கொடுத்தால் நல்ல ரிலீவிங் லெட்டர் தருகிறோம். நாங்கள் டெர்மினேட் செய்தால் கிராஜுவிட்டியும் கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்கிறார். இது முறையான நடவடிக்கைதானா? நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். அன்றைக்குள் நீங்கள் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. அந்தக் கெடு எச்.ஆர். வைத்தது, சட்டம் வைத்தது அல்ல. உங்கள் உரிமைகளில் பெரும்பகுதி அந்த ஒரு கையெழுத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பதால், ஏன் அப்படி என்று விளக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

பிஐபி என்ற சொல் நம் தொழிலாளர் சட்டங்களில் எங்கும் இல்லை. அதைத் தடை செய்யும் விதியும் இல்லை, கட்டாயமாக்கும் விதியும் இல்லை. வேலை சரியில்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டவும், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கவும், அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் வேலையைவிட்டு அனுப்பவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. "இவர் நன்றாகத்தான் வேலை செய்தார்" என்று மேலாளருக்குப் பதிலாக நீதிமன்றம் மதிப்பெண் போடாது. ஆனால் அந்தத் திட்டம் உண்மையில் வேலையைத் திருத்தப் போடப்பட்டதா, ஆளை அனுப்பப் போடப்பட்டதா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அனுப்புவதென்று முடிவு செய்துவிட்ட நிறுவனம் ஏன் நேரடியாக அனுப்பாமல் 60 நாள் காத்திருக்கிறது? காரணம் ஆட்குறைப்புச் சட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல், 1947-ம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தைப் போலவே இதிலும் ஆட்குறைப்புக்குத் தரப்பட்டுள்ள பொருள் மிக விரிவானது. ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனையாக நீக்குவது நீங்கலாக, எந்தக் காரணத்துக்காக ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து அனுப்பினாலும் அது ஆட்குறைப்புதான். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்பதை அப்படியே முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-ல், பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே ‘திறமை போதவில்லை’ என்று அனுப்பினாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான ஊதியமோ கொடுக்க வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். வேலை இல்லாததால் ஆள் குறைப்பதென்றால், அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதே பொது விதி. அதை மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்தப் பொறுப்புகள் எதுவும் இல்லாமல் ஒருவர் வெளியேற ஒரு வழி இருக்கிறது: அவரே விரும்பி விலகுவது. அப்படி விலகுவது ஆட்குறைப்பில் சேராது. அதனால்தான் பிஐபி-யின் கடைசி வாரங்களில் பேச்சு ராஜினாமா பக்கம் திரும்புகிறது.

இனி உங்கள் பிஐபி எந்த வகை என்று பார்ப்போம். உங்களுக்கு வந்த கடிதத்தை முந்தைய அப்ரைசல் கடிதங்களின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்பது வருடம் இல்லாத குறை, புராஜெக்ட் முடிந்த மூன்றாவது வாரத்தில் எப்படி வந்தது? அதுவும் ஒரே புராஜெக்டிலிருந்து வந்த ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது? ஒருவருக்கு வந்தால் அவருடைய வேலையில் குறை இருக்கலாம். ஐந்து பேருக்கும் சேர்ந்து வந்தால், அங்கே வேலை இல்லை என்பதே உண்மைக் காரணம் என்று வாதிட வலுவான இடம் கிடைக்கிறது.

அடுத்து இலக்குகள். வாரத்துக்கு 40 டெஸ்ட் கேஸ் என்பது அளக்கக்கூடிய இலக்கு. ஆனால் அதே டீமில் பிஐபி இல்லாத ஒருவர் வாரத்துக்கு எத்தனை செய்கிறார்? அவர் 25 செய்கிறார் என்றால் உங்களுக்கு மட்டும் 40 ஏன் என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டிவரும். டூல் இல்லாமல் 21 நாள் போயிருக்கின்றன. மூன்று வாரம், அதாவது 120 டெஸ்ட் கேஸ். அதை உங்கள் குறைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஒரு பிழைகூடப் போகக்கூடாது என்பதை எந்த டெஸ்டிங் டீமும் உறுதிசொல்ல முடியாது. தலைமைப் பண்பு என்பதற்கு அளவுகோலே இல்லை. முடிவை எழுதுபவர் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம். உண்மையாகவே திருத்த நினைக்கும் திட்டத்தில் எந்த வேலையில் என்ன தவறு என்று தேதியோடு இருக்கும். மற்றவர்களுக்கும் பொருந்தும் இலக்கு இருக்கும். வாராவாரம் பேசியதன் குறிப்பு இருக்கும். 60-ம் நாள் முடியும் முன் முடிவு சொல்லப்படாது. உங்களுக்கு 40-ம் நாளே சொல்லிவிட்டார்கள். நீங்கள் விவரித்தது அப்படியே உண்மையென்றால், இதை வெளியேற்றுவதற்கான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

எச்.ஆர். சொன்ன கிராஜுவிட்டி விஷயம் தவறு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் நிறுவனம் அனுப்பினாலும் கிராஜுவிட்டி உண்டு. நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, நேர்மைக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக நீக்கினால்தான் அதில் கை வைக்கலாம். இலக்கை எட்டவில்லை என்பது அதில் வராது. கணக்குக்குரிய ஊதியத்தை 52,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 30,000 வரும். ஒன்பது வருடத்துக்கு 2,70,000 ரூபாய். இது எப்படியும் உங்களுடையது. நிறுவனமே அனுப்பினால் இதோடு ஆட்குறைப்பு இழப்பீடாக அரை மாதத்துக்கு 26,000 வீதம் ஒன்பது வருடத்துக்கு 2,34,000 ரூபாயும், ஒரு மாத நோட்டீஸ் ஊதியமும் சேரும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டால் இந்த இரண்டாவது தொகையையும், நீக்கத்தையே எதிர்த்து வழக்காடும் உரிமையையும் விட்டுக்கொடுத்தவராவீர்கள்.

நிறுவனத்தின் வலுவான எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "இவர் லீட், தொழிலாளி அல்ல" என்பார்கள். மேற்பார்வைப் பணியில் இருந்துகொண்டு மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும், நிர்வாகப் பணியில் இருப்பவரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. பதவியின் பெயரை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பெரும்பாலான நேரம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். நாள் முழுக்க டெஸ்ட் எழுதி ஓட்டிக்கொண்டு, இடையில் இரண்டு பேருக்கு வழிகாட்டினால் நீங்கள் தொழில்நுட்பப் பணியாளர். விடுப்பு அனுமதிப்பது, அப்ரைசல் போடுவது, ஆள் எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் நிலை மாறும். சென்னையில் 2015-ல் நீக்கப்பட்ட மென்பொருள் ஊழியர் ஒருவர் மேலாளர் அல்ல, தொழிலாளிதான் என்று ஏற்றுக்கொண்டு, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும்படி தொழிலாளர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. அதற்கு ஏழு வருடம் ஆனது என்பதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரையறைக்குள் வராவிட்டாலும் தமிழ்நாட்டில் இன்னொரு வழி உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்க உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தொழில் உறவுச் சட்டத்தின்படி போவதானால், முதலில் சமரச அலுவலரிடம் மனு; 45 நாளில் தீர்வு வராவிட்டால் தீர்ப்பாயம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. பிஐபி கடிதத்தில் கையெழுத்து கேட்டால் ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எச்.ஆர். வாயால் சொன்னதை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில் நடந்த சந்திப்பில் வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா செய்யும்படி கூறினீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. பிஐபி காலம் இன்னும் 20 நாள் இருக்கிறது. டூல் லைசென்ஸ் 22-ம் நாள்தான் கிடைத்தது. அந்த நாட்களை ஈடுசெய்து காலத்தை நீட்டித்துத் தரவும். தலைமைப் பண்பு என்ற இலக்கு எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிவிக்கவும்." பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுக்குச் சான்றுதான். வாரக் கடைசியில் முடித்த வேலையின் எண்ணிக்கையை மேலாளருக்கு அனுப்புங்கள். ஆனால் வாடிக்கையாளர் தரவு, நிரல் போன்ற ரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். இதுவரை இல்லாத ஒழுங்கீனக் குற்றச்சாட்டை நீங்களே தந்ததாகிவிடும். உங்கள் அப்ரைசல், நியமன, பிஐபி கடிதங்களின் நகல்கள் கையில் இருந்தால் போதும்.

உங்களோடு இருக்கும் நால்வரில் யாராவது ஏற்கெனவே ராஜினாமா கொடுத்திருந்தால், அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம் என்பதே பொதுவான சட்ட நிலை. வெளியேறிய பிறகு "கட்டாயப்படுத்தினார்கள்" என்றால் அதை நிரூபிக்கும் சுமை அவருடையது. உடனே எழுதாமல் மாதக்கணக்கில் விட்டால் நம்பவைப்பது கடினம்.

வழக்கு வேண்டாம், கௌரவமாக விலகி வேறு வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் தவறில்லை. ஏழு வருடம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. ஆனால் பேரத்தை மேலே சொன்ன தொகையிலிருந்து தொடங்குங்கள். இழப்பீடு, நோட்டீஸ் ஊதியம், கிராஜுவிட்டி, குறை எதுவும் எழுதாத ரிலீவிங் லெட்டர் ஆகிய நான்கையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதி, நிறுவனம் கையெழுத்திட்ட பிறகே நீங்கள் கையெழுத்திடுங்கள்.