இரண்டு கார்டு, ஒரே போர்டு

என் கணினியில் RTX 3090 இருக்கிறது. அதை மாடல் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, திரைக்குப் பழைய GT 1030 கார்டைப் போடலாமா? பவர் சப்ளை 850 வாட். - ஒரு வாசகர், ஈரோடு

தாராளமாகப் போடலாம். மானிட்டர் கேபிளைச் சின்ன கார்டில் செருகினால், திரை பிடித்துவைத்திருந்த நினைவகமும் பயிற்சிக்குக் கிடைக்கும்.

மின்சாரக் கவலை வேண்டாம். 3090 சுமார் 350 வாட் இழுக்கும். 1030க்கு 30 வாட் போதும். அதையும் ஸ்லாட்டே கொடுத்துவிடும், தனி கேபிள் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது இடத்தைத்தான். 3090 பெரும்பாலும் மூன்று ஸ்லாட் தடிமன். அதன் விசிறியை ஒட்டிச் சின்ன கார்டு நின்றால் காற்று அடைபட்டு, சூடேறி, வேகம் குறையும். எனவே 1030ஐக் கடைசி ஸ்லாட்டில் போடுங்கள்.

அந்த ஸ்லாட் பெரும்பாலும் சிப்செட்டிலிருந்து வருவதால் 3090இன் 16 லேன்களும் அப்படியே இருக்கும். பிராசஸரோடு இணைந்த இரண்டாம் ஸ்லாட் என்றால் 8, 8 எனப் பிரியும். மாடல் முழுதும் கார்டுக்குள்ளேயே அடங்கினால் அதனாலும் பெரிய இழப்பில்லை. எத்தனை லேன் கிடைக்கிறது என்று அறிய, வேலை ஓடும்போது இதைத் தட்டிப் பாருங்கள்:

```
nvidia-smi --query-gpu=name,pcie.link.width.current --format=csv
```

கார்டைப் போட்டதும் ஒரு எஸ்எஸ்டி காணாமல் போனால் பதற வேண்டாம். சில போர்டுகளில் கடைசி ஸ்லாட்டும் ஒரு எம்.2 இடமும் லேன்களைப் பகிர்கின்றன. எஸ்எஸ்டியை வேறு எம்.2 இடத்துக்கு மாற்றினால் திரும்பிவரும்.