ஏழு கட்டங்களில் ஏர்பேடு: பிரெயில் பலகையைப் படிக்கும் முறை

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் மேடுற்ற புள்ளி எழுத்தே பிரெயில். மின்தூக்கியின் பொத்தான்கள் அருகிலும் பொது அலுவலகப் பெயர்ப்பலகைகளிலும் இதனைக் காண்கிறோம். 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏடிஎம்கள் யாவும் பிரெயில் விசைகளும் ஒலி வழிகாட்டலும் கொண்டிருத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. ஆயினும் பலகையைப் பொருத்துவோரும் சரிபார்ப்போரும் பெரும்பாலும் கண்ணால் மட்டுமே படிப்பவர்கள். பலகை தலைகீழாகப் பொருத்தப்பட்டாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. புகைப்படம் ஒன்றைக் கொண்டு அதைக் கண்டறியும் அளவுக்கேனும் இவ்வெழுத்தை இங்கே கற்போம்.

ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அவ்வாறே 4, 5, 6. எவ்விடங்களில் புள்ளி மேடிட்டுள்ளது என்பதே எழுத்தை உணர்த்தும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு ஒரே வடிவம் அமைந்துள்ளது. எனவே தமிழுக்குக் கற்றதில் பெரும்பகுதி தெலுங்குக்கும் பொருந்தும்.

ரேணிகுண்டாவுக்கும் திருக்காளத்திக்கும் இடையே உள்ள ஏர்பேடு என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். தெலுங்குப் பிரெயிலில் அப்பெயர் ஏழு கட்டங்களாக அமையும்:

```
⠑ ⠈ ⠗ ⠏ ⠑ ⠫ ⠥
```

முதற்கட்டத்தில் 1, 5 ஆகிய புள்ளிகள், அது ‘ஏ’. இரண்டாம் கட்டத்தில் 4 மட்டும். அது அடுத்து வரும் எழுத்து மெய் என்று அறிவிக்கும் குறி. அச்செழுத்தில் மெய்யின் தலைமேல் இடும் புள்ளி, பிரெயிலில் மெய்க்கு முன்னரே வந்துவிடுகிறது. மூன்றாவது 1, 2, 3, 5, அது ‘ர’. முன்குறியோடு சேர்ந்து ‘ர்’ ஆகிறது. நான்காவது 1, 2, 3, 4, அது ‘ப’. ஐந்தாவது மீண்டும் ‘ஏ’. பிரெயிலில் கொம்பு, கால் போன்ற தனிக் குறிகள் இல்லை. மெய்யெழுத்தின் வடிவத்தை அடுத்து உயிரெழுத்தே நின்று ‘பே’ என ஒலிக்கும். ஆறாவது 1, 2, 4, 6. அது தெலுங்கின் மெல்லோசை ‘ட’. இறுதியில் 1, 3, 6, அது ‘உ’. இரண்டும் சேர்ந்து ‘டு’.

இதே பெயரைத் தமிழில் எழுதினால் ஆறாம் கட்டம் மட்டுமே மாறும். தமிழ் ‘ட’வுக்கு 2, 3, 4, 5, 6 என்னும் ஐந்து புள்ளிகள். ஆகவே பலகை எம்மொழியினது என்பதை இந்த ஒரு கட்டமே காட்டிக்கொடுக்கிறது.

புகைப்படத்தில் படிக்கும்போது இடர் தருவது தனித்து நிற்கும் இரண்டாம் கட்டமே. அதிலுள்ள ஒற்றைப் புள்ளி 4 ஆயின் மெய்க்குறி. 1 ஆயின் ‘அ’. கட்டங்களைச் சுற்றிக் கோடுகள் இல்லாமையால் இடைவெளியே வழிகாட்டும். ஒரே கட்டத்தின் இரு புள்ளி வரிசைகளுக்கிடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும், ஒரு கட்டத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை ஏறத்தாழ 6 மில்லிமீட்டரும் இருக்கும். இக்கணக்கின்படி, நம் பெயரில் அந்த ஒற்றைப் புள்ளி ‘ஏ’யின் வலப்புள்ளியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளியும், ‘ர’வின் இடவரிசைக்கு 3.5 மில்லிமீட்டர் அருகிலும் நிற்கும். வலப்பக்கத்து எழுத்தை நெருங்கி நின்றால் மெய்க்குறி. இடப்பக்கத்தை நெருங்கி நின்றால் ‘அ’.

அடுத்தது படத்தின் திசை. கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறிய படத்தில் 1, 5 என்பது 2, 4 ஆகி ‘இ’ எனத் தோன்றும். தலைகீழான படத்திலோ அது 2, 6 ஆகிக் குறில் ‘எ’ ஆகிவிடும். ஆகையால் முதலில் பலகையிலுள்ள அச்செழுத்தைப் பார்த்துப் படத்தை நேர்ப்படுத்துதல் வேண்டும். அச்செழுத்து நேராக இருந்தும் பிரெயில் பொருளற்றுத் தோன்றினால், ஏழு கட்டங்களையும் 180 பாகை திருப்பிப் படித்துப் பார்க்கலாம். அப்போது பெயர் கிடைத்தால், பிரெயில் பட்டை தலைகீழாக ஒட்டப்பட்டுள்ளது என்பது உறுதி.

புள்ளிகளின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவே ஆதலின், நேர் ஒளியில் எடுத்த படத்தில் அவை மறைந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும். மேடு குழியாகத் தோன்றி மயக்கினால், பலகையில் உறுதியாகப் புடைத்திருக்கும் திருகாணித் தலையின் நிழலோடு ஒப்பிடுக. நிழல் ஒரே பக்கம் விழுந்தால் அவை மேடுகளே.

எண் விசைகளில் ஓர் எச்சரிக்கை. ஏடிஎம்மில் ‘5’ விசையின் மீதுள்ள ஒற்றை மேடு பிரெயில் எழுத்தன்று. விரலுக்கு நடுவிடத்தைக் காட்டும் அடையாளம். பிரெயிலில் ஐந்தின் வடிவம் 1, 5 என்னும் இரு புள்ளிகள். அதாவது நாம் கற்ற ‘ஏ’யே. தொடர் எழுத்தில் இரண்டையும் பிரித்துக்காட்ட, எண்ணுக்கு முன் 3, 4, 5, 6 என்னும் எண்குறி இடப்படும்.