நந்திதுர்க்கில் வழி அறிதல்
நகரின் அச்சு, கட்டத் தெரு, வளையச் சாலை ஆகியவற்றைப் படிக்கும் முறை

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் என்பது ஒரு மலையின் பெயர் அன்று. சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்தில் உள்ள நந்திமலையும் இதுவும் வெவ்வேறு இடங்கள். இது தங்கச் சுரங்கம் ஒன்றின் பெயர்; அச்சுரங்கத்தைச் சுற்றித் தொழிலாளர்க்கென எழுந்த குடியிருப்புகளுக்கும் அதுவே பெயராயிற்று. இக்குடியிருப்புகளை மக்கள் ‘லைன்’ என்பர். ஒரே அளவான வீடுகள் வரிசை வரிசையாக நிற்பதால், புதிதாக வந்த சுகாதாரப் பணியாளருக்கோ கணக்கெடுப்பாளருக்கோ ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் வேற்றுமை தோன்றுவதில்லை. கைப்பேசி வரைபடமோ பெரிய சாலைகளைக் காட்டுமேயன்றி ஒவ்வொரு வரிசையையும் பெயரிட்டுக் காட்டும் என்று நம்புவதற்கில்லை. மின்கலம் தீர்ந்துவிட்டால் அந்த உதவியும் இல்லை. ஆனால் இவ்வூரின் அமைப்பிலேயே ஒரு வரைபடம் அடங்கியுள்ளது. அதைப் படிக்கும் முறையை இங்கே காண்போம்.

ஊரின் அச்சு

நகரங்கள் பல ஆற்றையோ கோட்டையையோ சந்தையையோ ஒட்டி வளர்ந்தன. தங்கவயல் தாது ஓடிய கோட்டை ஒட்டி வளர்ந்தது. பொன் கலந்த வெள்ளைக்கல் நரம்பு, நிலத்தின்மேல் ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடி, ஆழத்தில் மேற்கு நோக்கிச் சரிகிறது. எனவே 1880க்குப் பின் ஆங்கிலக் கம்பெனிகள் தோண்டிய சுரங்கங்களும் அக்கோட்டின் மேலேயே வரிசையாக அமைந்தன. வடக்கிலிருந்து தெற்கே பாலகாட், நந்திதுர்க், ஊர்காம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்பது அவற்றின் வரிசை. 1894ஆம் ஆண்டில் பங்காருப்பேட்டையிலிருந்து வந்த இரயில் பாதையும் தங்கவயலுக்குள் இதே போக்கில்தான் செல்கிறது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம் எனும் நிலையங்கள் வடக்கிலிருந்து தெற்காக அமைந்துள்ளன.

இந்த ஒரு வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் ஊரின் பாதி விளங்கிவிடும். ஒருவர் நந்திதுர்க்கில் நின்றால், ஊர்காம் தெற்கே இருக்கிறது என்பதும், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி அச்சுக்குக் கிழக்கே இருக்கிறது என்பதும் யாரையும் கேளாமலே தெரியும். சாலை எவ்வளவு வளைந்தாலும் அச்சு வளைவதில்லை. வழி தவறியவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, “அச்சுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறேன்?” என்ற ஒரே கேள்விதான்.

சூரியனைப் பற்றி ஓர் எச்சரிக்கை

திசையை அறியச் சூரியனை நோக்குவது பழைய வழக்கம். காலையும் மாலையும் அது போதிய அளவு நம்பத்தக்கது. ஆண்டின் எந்நாளிலும் உதயமும் அஸ்தமனமும் நேர்க் கிழக்கு மேற்கிலிருந்து சுமார் 24 பாகைக்கு மேல் விலகுவதில்லை. நண்பகலில்தான் பிழை நேர்கிறது. ‘உச்சி வேளையில் நிழல் வடக்கே விழும்’ என்று பாடநூல்களில் காணப்படும் விதி, தங்கவயலில் ஆண்டு முழுவதும் பொருந்தாது. இவ்வூர் வட அட்சம் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மாதக் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மாத நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஜூன் மாதத்தில் இதை மறந்து நடப்பவர் தாம் நினைத்த திசைக்கு நேர் எதிராகச் செல்வார். மேலும் இங்கு உச்சி வேளை கடிகாரத்தில் 12 மணிக்கு நிகழ்வதன்று. ஆண்டின் நாளைப் பொறுத்துச் சில நிமிடங்கள் முன்பின்னாகச் சுமார் 12.15க்கு நிகழ்கிறது.

தொலைவில் ஓர் அடையாளம், அருகில் ஓர் அடையாளம்

தங்கவயலின் அடையாளங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பொடியைக் கொட்டி எழுந்த சயனைடு மேடுகள். மற்றொன்று, ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துச் சுரங்கக்குழியின் வாயில்மேல் கூண்டை ஏற்றி இறக்குவதற்காக நிறுத்திய இரும்புச் சட்டக் கோபுரம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் மேடுகள் அப்படியே உள்ளன. கோபுரங்களில் சில நிற்கின்றன.

இவ்விரண்டும் ஒரே வகையில் பயன்படுவன அல்ல. மேடு மிக அகன்றது. பல பக்கங்களிலிருந்தும் ஒரே மாதிரி வெளிறிய குன்றாகத் தோன்றும். தொலைவிலிருந்து பார்க்கும்போது அது திசையைக் காட்டும். ஆனால் அருகில் சென்றுவிட்டால் அதன் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது. கோபுரமோ குறுகியது, ஆகையால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும். தொலைவில் உள்ளதைக் கொண்டு திசையையும், அருகில் உள்ளதைக் கொண்டு இடத்தையும் அறிய வேண்டும் என்பது விதி.

இரு கோபுரங்கள் ஒருங்கே தெரியுமாயின் மேலும் ஒன்று அறியலாம். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரிந்தால், பார்ப்பவர் அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் நிற்கிறார். வடக்கு நோக்கிப் பார்க்கும்போது, தொலைவிலுள்ள கோபுரம் அருகிலுள்ளதற்கு வலப்புறமாக விலகித் தெரிந்தால், அவர் கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறார். இடப்புறம் விலகினால் மேற்கே இருக்கிறார். பார்ப்பவர் எப்பக்கம் விலகுகிறாரோ அப்பக்கமே தொலைக் கோபுரமும் விலகும். கடலோர மீனவர் கரையிலுள்ள இரு மரங்களைக் கொண்டு தம் இடத்தை அறிவதும் இம்முறையால்தான்.

அடையாளத்தைத் தேர்வதில் ஒரு கவனம் தேவை. கடையின் பெயர்ப்பலகை மாறும். இரும்புக் கோபுரத்தையும் ஒருநாள் பிரித்துவிடலாம். ஆதலால் ஓர் இடத்தைக் குறிக்க எப்போதும் இரண்டு அடையாளங்களை எழுதி வைப்பது நன்று. குறுக்குவழி என்று எண்ணி மேடுகளின்மீது ஏறுவதோ கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் புகுவதோ கூடாது. மேட்டின் பொடி தீங்கானது. பழைய குழிகளின் வாய் எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது.

கட்டத் தெருக்கள்

ராபர்ட்சன்பேட்டை திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். அங்கே தெருக்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. குறுக்குத் தெருக்கள் ‘கிராஸ்’ என்று எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. இத்தகைய இடத்தில் நடப்பவர் பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. நேராகக் கடந்த தெருக்கள் எத்தனை, பக்கவாட்டில் கடந்தவை எத்தனை என்ற இரண்டு எண்கள் போதும். ஒரு தெரு முன்பாகவே திரும்பிவிட்டால், இலக்குக்கு இணையான தெருவில்தான் இருப்பார். ஒரு கட்டம் நகர்ந்தால் பிழை தீரும். எண்கள் ஏற வேண்டியிருக்க இறங்கினால், திசை தலைகீழாகிவிட்டது என்பது உடனே தெரியும்.

இப்பழக்கத்தை லைன்களுக்குள் கொண்டுசெல்வதில்தான் ஆபத்து உள்ளது. அங்கே பாதை நிலத்தின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மெல்ல வளையும். 45 பாகை வளைவுகள் இரண்டைக் கடந்தால் ஒரு முழுச் செங்கோணத் திருப்பம் நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் தெருமுனை எதிலும் திரும்பாததால் நடந்தவர் நேராக வந்ததாகவே எண்ணுவார். ஆகவே கட்டமில்லாத பகுதியில் திருப்பங்களை எண்ணக்கூடாது; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அச்சையோ சூரியனையோ பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம்

பணியாளர் ஒருவர் மாலை 4 மணிக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அச்சருகேயுள்ள நந்திதுர்க் லைன் ஒன்றுக்கு நடக்கிறார் எனக் கொள்வோம். தொலைவு 2 கிலோமீட்டர். திசை ஏறக்குறைய மேற்கு. அவர் நேராக இலக்கை நோக்கி நடந்து அச்சை அடைந்தபோது அந்த லைன் தென்படவில்லை. இப்போது வடக்கே திரும்புவதா, தெற்கே திரும்புவதா? அவர் அறியார். 15 பாகைப் பிழை 2 கிலோமீட்டரில் அரைக் கிலோமீட்டர் விலகலை உண்டாக்கும்; அவ்விலகல் எப்பக்கமும் நிகழ்ந்திருக்கலாம்.

எனவே அறிந்தவர் வேண்டுமென்றே இலக்குக்கு 600 மீட்டர் தெற்கே குறிவைத்து நடப்பார். அச்சை அடைந்ததும் ஐயமின்றி வலப்புறம், அதாவது வடக்கே, திரும்புவார். சாதாரண நடையில் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் செல்லலாம். ஆதலால் 7 அல்லது 8 நிமிடத்தில் இலக்கை எதிர்பார்ப்பார். பிழை முழுவதும் தெற்கே சேர்ந்திருந்தாலும் 14 நிமிடத்துக்குள் அடைய வேண்டும். 15 நிமிடமாகியும் காணவில்லையெனில், இலக்கைக் கவனியாமல் கடந்துவிட்டார் என்று கொண்டு திரும்புவார். சில நிமிட நடை கூடினாலும், இருட்டுமுன் வீட்டைக் கண்டுபிடிப்பது உறுதியாகிறது.

வளையச் சாலை

சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து விடியற்கால இரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குபவர் வெளிவட்டச் சாலையைச் சந்திக்கிறார். அங்கே அச்சும் கட்டமும் உதவா. வளையத்தில் செல்பவரின் திசை சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால், ‘தெற்கே போ’ என்ற குறிப்பு சிறிது தூரத்தில் பொய்யாகிவிடும். மாறாதது ஒன்றே: நகரின் மையம் எந்தக் கைப்பக்கம் உள்ளது என்பது. கிருஷ்ணராஜபுரத்திலிருந்து சில்க் போர்டு செல்பவருக்கு மையம் வலக்கைப் பக்கம். ஹெப்பாள் செல்பவருக்கு இடக்கைப் பக்கம். பேருந்தில் ஏறுமுன் இதைப் பார்த்துக்கொண்டால் எதிர்த்திசையில் செல்ல நேராது.

எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை வளையத்தை வெட்டும் ஆரச் சாலைகள் கூறும். அவை தாம் சென்று சேரும் ஊரின் பெயரையே தாங்கியுள்ளன. கிழக்கே பழைய சென்னைச் சாலை, தென்கிழக்கே ஓசூர்ச் சாலை, தென்மேற்கே மைசூர்ச் சாலை, வடமேற்கே தும்கூர்ச் சாலை, வடக்கே பெல்லாரிச் சாலை. இவ்வைந்தும் ஒரு கடிகார முகப்பின் எண்களைப் போல் இடத்தைக் காட்டும்.

வளையத்தில் செல்வது எப்போது இலாபம் என்பதற்கும் கணக்கு உண்டு. வட்டத்தின் வழியே செல்லும் வில்லின் நீளம் விட்டத்துக்குக் குறைவாக இருக்கும்வரை வளையம் குறுகிய வழி. அந்த எல்லை சுமார் 115 பாகை, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேற்பட்டால் மையத்தினூடே செல்வதே தூரம் குறைந்தது. ஆனால் நெரிசல் இக்கணக்கில் சேராது. சாலையும் முழு வட்டமன்று.

மாணவர்க்குப் பயிற்சி

1. பள்ளியிலிருந்து தெரியும் தொலை அடையாளம் ஒன்றையும் அருகடையாளம் இரண்டையும் குறித்து, வடக்கு மேலாக இருக்கும்படி ஒரு படம் வரைக.

2. ஜூன் மாதத்தில் ஒருநாளும் டிசம்பரில் ஒருநாளும் 12.15 மணிக்கு ஒரு கோலின் நிழலை அளந்து, அது விழும் திசையை ஒப்பிடுக.

3. தெரிந்த இடமொன்றுக்குக் கைப்பேசியைப் பாராமல் சென்று, திரும்பியபின் நடந்த வழியை வரைக. பிறகே வரைபடத்துடன் ஒத்துப் பார்த்து, பிழை எந்த வளைவில் தொடங்கியது என்பதைக் கண்டறிக.